ஒலிரேகை: ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளைக் கணினி கண்டுபிடிக்கும் விதம்

ஒரு பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதை மட்டும் வைத்து எடுக்கப்படும் எண் வரிசைக்கு ஒலிரேகை என்று பெயர். கோப்புக்கு வைத்த பெயரையோ, அதில் ஒட்டியிருக்கும் படப்பெயர், பாடகர் பெயர்களையோ அது பார்ப்பதில்லை. வீட்டுக் கணினியில் பத்தாயிரம் பாட்டு சேர்த்து வைத்திருப்பவருக்கு வேண்டியது இதுதான். அவரிடம் ஒரே பாட்டு சிடியிலிருந்து ஒன்று, நண்பரின் பென்டிரைவிலிருந்து ஒன்று, கேசட்டிலிருந்து மாற்றியது ஒன்று என மூன்று இடத்தில் கிடக்கும். மூன்றாவதன் பெயர் வெறும் Track 07 ஆக இருக்கும்.

கோப்புகளை பைட்டுக்கு பைட்டு ஒப்பிடும் கருவிகள் இங்கே உதவாது. ஆல்பம் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலே அவற்றுக்கு அது வேறு கோப்பு. அதே சிடியை இரண்டு தரத்தில் எம்பி3 ஆக்கினால், காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பாட்டில் பெரும்பாலான பைட்டுகள் பொருந்தாமல் போகும்.

ஒலிரேகை எடுக்கும் இலவச மென்பொருள்களில் பலரும் பயன்படுத்துவது லூகாஷ் லலின்ஸ்கி எழுதிய குரோமாபிரிண்ட். அது முதலில் பாட்டை மோனோ ஆக்கி, நொடிக்கு 11,025 மாதிரிகளாகக் குறைத்துக்கொள்கிறது. பிறகு மூன்றில் ஒரு பங்கு நொடிக்குச் சற்று அதிகமான துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த ஸ்வரஸ்தானம் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று பார்க்கிறது. மந்தரமோ தாரமோ, ஸ்தாயி எதுவானாலும் ஒரே ஸ்வரம் ஒரே கட்டத்தில்தான் விழும். ஆகவே கட்டங்கள் பன்னிரண்டே. இந்தப் பன்னிரண்டும் பாடகரின் ஸட்ஜத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. பியானோ கட்டைகளைப் போல இடம் மாறாதவை. இது பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவரும்.

இப்படிக் கிடைக்கும் கட்டப் படத்தின் மேல் ஒரு சிறு சன்னலை நகர்த்தி, 'இந்தப் பக்கம் கனமா, அந்தப் பக்கம் கனமா' என்பது போன்ற 16 கேள்விகளைக் கேட்கிறது மென்பொருள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பிட் விடை. ஆக 32 பிட் கொண்ட ஓர் எண். நொடிக்கு இப்படிச் சுமார் எட்டு எண்கள் கிடைக்கும். வழக்கமாகப் பாட்டின் முதல் 120 நொடிகளை மட்டும் எடுப்பதால் ரேகை சுமார் 950 எண்களில் முடிந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர் கட்டளைத் திரையில் இப்படி அடிக்கலாம்:

```
fpcalc -raw -length 120 "Track 07.mp3"
```

முதலில் பாட்டின் நீளம் நொடிக் கணக்கில் வரும். அடுத்து அந்த எண் வரிசை.

இரண்டு ரேகைகளை ஒப்பிடுவது எளிது. எண்ணுக்கு எண் வைத்து, எத்தனை பிட் மாறியிருக்கிறது என்று எண்ணினால் போதும். 950 எண்களில் மொத்தம் 30,400 பிட்டுகள். சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டுகளில், காசு சுண்டிப் போட்டாற்போல, பாதிக்குப் பாதி, அதாவது சுமார் 15,200 பிட்டுகள் மாறியிருக்கும். ஒரே சிடியிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் 1,500 மாறியிருந்தால் அது ஐந்து சதவீதம், சந்தேகத்துக்கு இடமில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரு பிரதியின் தொடக்கத்தில் இரண்டு நொடி இரைச்சல் கூடுதலாக இருந்தால் எல்லா எண்களும் பதினாறு இடம் தள்ளிப் போய்விடும். நேருக்கு நேர் வைத்தால் இரண்டும் அந்நியர்களாகத் தெரியும். ஒரு ரேகையை மற்றதன் மேல் ஓரோர் இடமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். உண்மையான பிரதியானால் சரியான இடத்தில் பிழை சட்டென்று விழும். மற்ற இடங்களில் பாதிக்கு அருகிலேயே நிற்கும்.

பத்தாயிரம் பாட்டுகளை இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்து கோடி ஜோடிகள். அதனால் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்த எண் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடப்படுகிறது. பல எண்கள் பொதுவாக உள்ள பாட்டுகளை மட்டும் நகர்த்தி ஒப்பிட்டால் போதும்.

இந்த முறை பெரும்பாலும் சறுக்குவது கேசட்டில். டேப் ஓடும் வேகம் மூன்று சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும்; ஸ்வரங்கள் இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய் நிற்கும். கட்டங்கள் இடம் மாறாதவை என்பது இங்கேதான் கடிக்கிறது. அதோடு 120 நொடியில் மூன்றரை நொடிக்கு மேல் முந்திவிடுவதால், எங்கே நகர்த்தி வைத்தாலும் முழுதாகப் பொருந்தாது. நீளத்தைப் பார்த்தால் குட்டு உடையும்: சிடியில் 280 நொடி ஓடும் பாட்டு இங்கே 272 நொடியில் முடிந்திருக்கும். ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து அந்த விகிதத்தில் குறைத்துவிட்டு மறுபடி ரேகை எடுத்தால் பாட்டு அகப்படும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். நம் திரைப்படங்களில் ஒரே பாட்டை ஆண் குரலில் ஒன்றும் பெண் குரலில் ஒன்றுமாக வெளியிடுவது பழைய வழக்கம். வாத்தியப் பதிவு இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் மொத்தப் பிழை குறைவாகவே வந்து, இரண்டும் ஒன்றென்று கருவி சொல்லிவிடலாம். கரோக்கி பிரதிக்கும் இதே கதி. சராசரியை நம்பாமல் பத்துப் பத்து நொடியாகப் பிழையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: முன்னிசை முழுக்கப் பிழை அடியில் கிடக்கும், குரல் எழும் இடத்தில் ஏறும். உண்மையான இரட்டையில் இப்படி ஒரு மேடு இருக்காது.

பெயர் தெரியாத பாட்டுக்கு ரேகையையும் நீளத்தையும் அக்கூஸ்ட்ஐடி என்ற பொதுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருளில் 'Scan' பொத்தான் செய்வது இதையே. அதே பதிவை முன்பு யாராவது பெயரோடு சேர்த்திருந்தால்தான் விடை வரும். அவர் தப்பாக எழுதியிருந்தால் தப்பே வரும். வானொலியில் நடுவிலிருந்து பிடித்த துண்டுக்கு இது ஆகாது, ஏனெனில் தளத்தில் இருப்பவை பாட்டின் தொடக்க ரேகைகள். அதற்கு ஷசாம் வழி வேறு. ஏவரி வாங் 2003இல் விளக்கிய அந்த முறை ஒலியின் உச்சப் புள்ளிகளை ஜோடி ஜோடியாக, இடைவெளியோடு குறித்துக்கொள்வதால் எந்த இடத்துத் துண்டானாலும், பக்கத்தில் சத்தம் இருந்தாலும் சமாளிக்கும். ஆனால் இரண்டு முறைகளுமே தேடுவது பதிவை, மெட்டை அல்ல. அதே கீர்த்தனையை அதே வித்வான் மறுநாள் கச்சேரியில் பாடினால் அது வேறு பதிவு.

இரட்டைகள் அகப்பட்ட பின் எதை அழிப்பது என்பதற்கு ரேகையில் விடை இல்லை. குரோமாபிரிண்ட் கேட்பது 3,520 ஹெர்ட்ஸ் வரைதான். மட்டமான எம்பி3 இழப்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள ஒலியை. நல்லதும் மட்டமும் ஏறக்குறைய ஒரே ரேகை தருவது அதனால்தான். கோப்பில் 320 கேபிபிஎஸ் என்று இருப்பதையும் நம்பிவிடக் கூடாது. 128இல் இருந்ததை மறுபடி மாற்றியதாக இருக்கலாம். அலைமாலைப் படத்தை விரித்துப் பார்த்தால், அப்படி மாற்றிய பிரதியில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டு முழுவதும் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும்.