கொழும்பில் லாபம், சென்னைக் கணக்கில் 13 கோடி பள்ளம்

2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி, தன் நாணயத்தை அதுவரை பிடித்து வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. அதற்கு முன் ஒரு டாலருக்கு சுமார் 203 இலங்கை ரூபாய். அந்த மாதக் கடைசியில் அது 300-ஐ நெருங்கிவிட்டது. இந்திய நிறுவனங்களுக்கு மார்ச் 31 கணக்கு முடிக்கும் நாள். இலங்கையில் துணை நிறுவனம் வைத்திருந்தவர்களுக்கு, வருடத்தின் பதினோரு மாதமும் அசையாமல் இருந்த நாணய மதிப்பு, கடைசி மாதத்தில் சரிந்துபோனது.

வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் கணக்கைத் தாய் நிறுவனத்தின் நாணயத்துக்கு மாற்றும்போது என்ன நடக்கிறது, அதில் வரும் வித்தியாசம் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டை விட நல்ல உதாரணம் கிடையாது. பங்கு வாங்கும் எவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் செய்தியில் வரும் நிகர லாப எண்ணில் இந்த வித்தியாசம் இருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாணய விலைகள் மட்டும் அந்த ஆண்டின் நிஜ விலைகளை ஒட்டியவை. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம், 2021 ஏப்ரல் 1 அன்று கொழும்பில் தனக்கு முழுச் சொந்தமான ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 100 கோடி இலங்கை ரூபாய் முதல் போடுகிறது. அன்று ஒரு இலங்கை ரூபாய்க்கு 37 இந்தியப் பைசா. ஆக, சென்னையிலிருந்து போனது 37 கோடி ரூபாய். கொழும்பு நிறுவனம் நன்றாகவே நடக்கிறது. வருடக் கடைசியில் 20 கோடி இலங்கை ரூபாய் லாபம். அதன் நிகரச் சொத்து, அதாவது சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது, 120 கோடி. ஆனால் மார்ச் 31 அன்று ஒரு இலங்கை ரூபாயின் விலை 26 பைசா.

இப்போது இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்க வேண்டும். இந்தியக் கணக்குத் தரநிலை 21 இதற்கு வழி சொல்கிறது. சொத்துகளும் கடன்களும் கணக்கு முடிக்கும் நாளின் விலையில் மாற்றப்படும். வரவும் செலவும் அவை நடந்த நாளின் விலையில் மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் அப்படிச் செய்ய முடியாது என்பதால், நடைமுறையில் சராசரி விலையைப் பயன்படுத்துகிறார்கள். போட்ட முதல், போட்ட நாளின் விலையிலேயே நிற்கும்.

ஒரே ஐந்தொகைக்குள் மூன்று வெவ்வேறு விலைகள். இலங்கை ரூபாயில் சரியாகப் பொருந்திய கணக்கு, இந்திய ரூபாயில் பொருந்தாது. முதல் 37 கோடி. லாபம் 20 கோடியை ஆண்டுச் சராசரியான 36 பைசாவில் மாற்றினால் 7.20 கோடி. கூட்டினால் 44.20 கோடி. ஆனால் நிகரச் சொத்து 120 கோடியை 26 பைசாவில் மாற்றினால் 31.20 கோடிதான். இடையில் 13 கோடி குறைகிறது.

இந்த 13 கோடியைச் சும்மா ஈடுகட்டும் எண்ணாகப் போட்டுவிடக் கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும். முதலில் இருந்த 100 கோடி, 37 பைசாவிலிருந்து 26-க்கு இறங்கியதில் 11 கோடி. லாபமாக வந்த 20 கோடி, 36-லிருந்து 26-க்கு இறங்கியதில் 2 கோடி. மொத்தம் 13. இந்த இரண்டு வழியும் ஒரே எண்ணைத் தரவில்லை என்றால், மாற்றியதில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

ஆனால் ஒரு பிழையை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. சராசரி எடுக்கும்போது வருடத் தொடக்க விலையையும் முடிவு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 31.5 பைசா வரும். அந்த விலையில் லாபம் 6.30 கோடி, பள்ளம் 12.10 கோடி. சோதனையும் பொருந்தும், மொத்தமும் மாறாது. ஆனால் ஆண்டு லாபத்தில் 90 லட்சம் காணாமல் போய்விடும். விலை சரிந்தது கடைசி மாதத்தில். லாபத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே வந்துவிட்டது. விலை கடுமையாக ஏறி இறங்கும் காலத்தில் ஆண்டுச் சராசரி பொருந்தாது என்று தரநிலையே சொல்கிறது. மாதா மாதம் அந்தந்த மாத விலையில் மாற்றுவதுதான் சரி.

சரி, அந்த 13 கோடி எங்கே போகும்? லாப நட்டக் கணக்கில் நிகர லாபத்துக்கு மேலே அதற்கு இடமில்லை. நிகர லாபத்துக்குக் கீழே 'இதர விரிவான வருமானம்' என்று ஒரு பகுதி உண்டு. தணிக்கையாளர்கள் ஓசிஐ என்பார்கள். அங்கே ஒரு வரியாக வரும். அங்கிருந்து ஐந்தொகையில் பங்குதாரர் நிதிக்குள், நாணய மாற்றுக் கையிருப்பு என்ற தனிக் கணக்கில் ஆண்டுதோறும் சேரும். காரணம் இதுதான்: கொழும்புக் கடை கொழும்பில் விற்கிறது, கொழும்பில் செலவழிக்கிறது. நாணய விலை மாறியதால் அதன் அன்றாடப் பணப்புழக்கம் நேரடியாக மாறிவிடவில்லை. தாய் நிறுவனம் அதை விற்றுக் காசாக்கவும் இல்லை. எனவே அதை அந்த ஆண்டின் வியாபார நட்டமாகக் காட்டுவது தவறான சித்திரம் தரும்.

ஆனாலும் அது மன்னிக்கப்பட்ட நட்டம் அல்ல, தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், அதே 26 பைசா விலையில், சென்னை நிறுவனம் கொழும்பு நிறுவனத்தை 35 கோடி இந்திய ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த கணக்கில் அதன் மதிப்பு 31.20 கோடி. 3.80 கோடி லாபம் போலத் தெரியும். ஆனால் விற்கும் நாளில் கையிருப்பில் கிடந்த 13 கோடி நட்டமும் லாப நட்டக் கணக்குக்கு வந்தாக வேண்டும். முடிவு, 9.20 கோடி நட்டம். முந்தைய ஆண்டு காட்டிய 7.20 கோடி லாபத்தை இதில் கழித்துப் பாருங்கள்: நிகரமாக 2 கோடி நட்டம். 37 கோடி போட்டு 35 கோடி எடுத்தவருக்கு உண்மையில் நேர்ந்தது அதுதான். நிறுவனத்தை விற்காமல் அதன் சொத்து மதிப்பை மட்டும் குறைத்து எழுதினால் இந்தக் கையிருப்பு அசையாது.

எல்லா நாணய வித்தியாசமும் இப்படி ஓசிஐக்குப் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை நிறுவனம் கொழும்புக்கு இந்திய ரூபாயில் கடன் கொடுத்திருந்தால், ஒருங்கிணைக்கும்போது கடன் இரு பக்கமும் அடிபட்டுப்போகும். ஆனால் இலங்கை ரூபாயில் கடன் சுமை கூடியதால் கொழும்புக் கணக்கில் வந்த நட்டம் அடிபடாது. ஒருங்கிணைந்த லாபத்தை அது நேராகக் குறைக்கும். அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும் திட்டமோ வாய்ப்போ கண்ணுக்கெட்டிய காலத்தில் இல்லை, அது முதலுக்கு நிகரானது என்று காட்ட முடிந்தால்தான் அந்த நட்டம் ஒருங்கிணைந்த கணக்கில் ஓசிஐக்கு நகரும். அதனால், திருப்பிச் செலுத்தும் தேதி எழுதிய கடனுக்கு இந்தச் சலுகை கேட்பவர்களைத் தணிக்கையாளர் விடாமல் கேள்வி கேட்பார்.

இதேபோல், கொழும்பில் இருப்பது சென்னையின் வெறும் விற்பனைக் கிளை போன்றது, தானாக எந்த வியாபாரமும் செய்வதில்லை என்றால், அதன் செயல்பாட்டு நாணயமே இந்திய ரூபாய் ஆகிவிடும். அப்போது வித்தியாசம் நேரே லாப நட்டத்துக்கு வரும்.

வெளிநாட்டில் தொழில் செய்யும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பவர், தனிக் கணக்கை விட்டு ஒருங்கிணைந்த கணக்குக்குப் போக வேண்டும். தனிக் கணக்கில் அந்த முதலீடு பெரும்பாலும் போட்ட விலையான 37 கோடியாகவே நிற்கும். ஒருங்கிணைந்த கணக்கில் நிகர லாபத்துக்குக் கீழே, பின்னால் லாப நட்டத்துக்கு மாற்றப்படக்கூடியவை என்ற தலைப்பில் அந்த ஆண்டின் வித்தியாசம் இருக்கும். பங்குதாரர் நிதியின் மாற்றங்களைக் காட்டும் பட்டியலில் இதுவரை சேர்ந்த மொத்தம் இருக்கும். ஒரு பங்குக்கான வருவாய் கணக்கிடும்போது இந்த இரண்டும் சேர்வதில்லை. வெளிநாட்டு நிறுவனத்தை விற்கப்போவதாக அறிவிப்பு வந்தால், விற்பனை விலையைப் பார்க்கும் முன் அந்த மொத்தத்தைப் பாருங்கள். அடுத்த காலாண்டு லாபத்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.