காரணத்தைக் கேட்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள்

ஓய்வூதியக் கோப்பு நகரவில்லை என்றால், "தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க" என்று டீக்கடையில்கூட ஆலோசனை கிடைத்துவிடும். மனுவில் என்ன எழுதுவது என்று கேட்டால்தான் சிக்கல். பெரும்பாலோர் எழுதுவது ஒரே வரி: "என் ஓய்வூதியம் இதுவரை ஏன் வரவில்லை என்பதைத் தெரிவிக்கவும்." அந்தச் சட்டத்தின் கீழ் எழுதக்கூடிய கேள்விகளிலேயே மிகவும் பலவீனமானது இதுதான். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி முப்பதாம் நாள் தபாலில் சேர்த்துவிட்டால் அலுவலகத்தின் வேலை முடிந்தது. மனு போடுவதற்கு முன்பு தெரிந்ததைவிட மனுதாரருக்கு ஒரு எழுத்துகூடக் கூடுதலாகத் தெரிந்திருக்காது.

இப்படிப் பதில் எழுதும் அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் என்று சொல்வது ஏற்கெனவே பதிவாகியிருப்பதை. செல்சா பின்டோ வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இல் இதைத் தெளிவாக்கியது. ஒரு காரியத்தை ஏன் செய்தீர்கள், ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு விளக்கம் எழுதித் தருவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை அல்ல. கையில் இல்லாத ஒன்றைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழக்கில் சொன்னது. "பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது எடுக்கப்பட்ட முடிவுக்கான காரணம். தேங்கிக் கிடக்கும் கோப்பில் இல்லாத ஒரே பொருள் முடிவுதான்.

இதனால் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அரசு அலுவலகத்தில் ஒரு தாள் சும்மா கிடப்பதற்கும் எழுத்தில் சுவடு இருக்கும். தாள் உள்ளே வந்ததும் எண் போடுகிறார்கள். எந்த எழுத்தரின் மேசைக்குப் போகிறதோ அவருடைய தன்பதிவேட்டில் அது ஏறுகிறது. அதன்மேல் அவர் குறிப்பு எழுதுகிறார், கண்காணிப்பாளர் ஒப்பமிடுகிறார், வெளியே போனால் அனுப்புகைப் பதிவேட்டில் நாள் விழுகிறது. எனவே கேட்க வேண்டியது இவற்றின் நகலை. கோப்பின் குறிப்புப் பக்கங்களைத் தரலாமா என்ற கேள்விக்கு 2006 ஜனவரியிலேயே மத்தியத் தகவல் ஆணையம் தரலாம் என்று விடை சொல்லிவிட்டது. அதே ஆண்டு அந்தப் பக்கங்களை மட்டும் சட்டத்திலிருந்து விலக்க மத்திய அரசு ஒரு திருத்தத்துக்கு முயன்று, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. எதை மறைக்க அவ்வளவு ஆசைப்பட்டார்களோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வேப்பந்தட்டை ஒன்றியத்தில் ஓய்வு பெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதிரிக்காகத்தான். 1994இல் ஜெயங்கொண்டம் பக்கம் பணியில் சேர்ந்தார் என்றால், சேர்ந்தது திருச்சி மாவட்டத்தில். அடுத்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மீண்டும் பிரிந்தது. இடையில் 2005இல் அவர் வேப்பந்தட்டைக்கு மாறுதலாகி வந்திருந்தால், அன்றைக்கு அது ஒரே மாவட்டத்துக்குள் நடந்த மாறுதல். இன்றைக்கு அவருடைய முதல் பதினோரு ஆண்டுகள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கின்றன. பதவிகளின் பெயர்களும் மாறிவிட்டன. அப்போதைய உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் இப்போது வட்டாரக் கல்வி அலுவலர். 2003 ஏப்ரலுக்கு முன்பு சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் உண்டு. அதைக் கணக்கிட, முழுப் பணிக்காலமும் பணிப்பதிவேட்டில் ஆண்டு விடாமல் சரிபார்த்துக் கையொப்பமாகியிருக்க வேண்டும். எங்கோ இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சான்று விடுபட்டிருந்தால் சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம் முன்மொழிவைத் திருப்பிவிடும்.

இவர் வேப்பந்தட்டை வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டிய மனு ஒரு பக்கத்தைத் தாண்டாது. தம் பெயர், பணியாற்றிய பள்ளி, ஓய்வு பெற்ற நாள். அதன்பின் மூன்றே கோரிக்கைகள். "என் ஓய்வூதிய முன்மொழிவு மாநிலக் கணக்காயருக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் நகலும், அதன் மீது வந்த கடிதங்கள் அனைத்தின் நகலும் தருக. இக்கோப்பின் குறிப்புப் பக்கங்கள் முழுவதன் நகலும், இது தொடர்பான தன்பதிவேட்டுப் பதிவின் நகலும் தருக. என் பணிப்பதிவேட்டையும் இக்கோப்பையும் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தருக." பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. மூன்றில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் நான் பார்வையிடுவதைக் கேட்பேன். நகல் எடுக்கும்போது நாலு பக்கம் விடுபடலாம். கோப்பை முன்னால் விரித்து வைத்தால் விடுபட்ட பக்க எண்ணே காட்டிக்கொடுக்கும்.

வரும் பதிலில் நாள்களைத்தான் பார்க்க வேண்டும். முன்மொழிவு மார்ச்சில் சென்னைக்குப் போனது, மே மாதம் குறையோடு திரும்பியது, 1996 முதல் 1998 வரையிலான பணிச் சரிபார்ப்பு கேட்டு ஜூனில் ஜெயங்கொண்டத்துக்குக் கடிதம் போனது, அதற்குப் பிறகு குறிப்புப் பக்கத்தில் எழுத்தே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் தெரிந்துவிட்டது. யாரும் விளக்கம் எழுதித் தரவில்லை, தாளே சொல்லிவிட்டது. இனி வேப்பந்தட்டையில் நடையாய் நடப்பது வீண். அடுத்த பத்து ரூபாய் ஜெயங்கொண்டம் அலுவலகத்துக்கு: "இந்த நாளிட்ட, இந்த எண் கொண்ட கடிதம் தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்ட பதிவு, அதன் மீதான குறிப்பு, அனுப்பிய பதில் ஆகியவற்றின் நகல் தருக." கடித எண்ணும் நாளும் இருக்கும் மனுவுக்குப் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவது கடினம். கடிதம் வந்ததா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

சென்னைக்கு மனு போடுவதாக இருந்தால் ஒரு விஷயம் கவனம். கல்வி அலுவலகமும் கருவூலமும் மாநில அரசுடையவை. கணக்காயர் அலுவலகமோ இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வருவது. அதற்கு மத்திய அரசின் கட்டண விதி. நீதிமன்றக் கட்டண வில்லை அங்கே செல்லாது, பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை வைக்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீடும் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகாது, டெல்லியிலுள்ள மத்திய ஆணையத்துக்குப் போகும். தவறான அலுவலகத்துக்கு வந்த மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்வது உண்மையே. ஆனால் மத்திய, மாநில எல்லையைத் தாண்ட வேண்டிய மனுக்களை மாற்றாமல், "அங்கே கேட்டுக்கொள்ளவும்" என்று எழுதி அனுப்புவது உண்டு. இரண்டு இடத்துக்கும் தனித்தனி மனு போடுவதே நல்லது. பெரும்பாலும் முதல் மனு உள்ளூருக்குப் போதும். சென்னையிலிருந்து வந்த கடிதமும் அந்தக் கோப்பிலேயே இருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் கனமானது, பகை வரும் என்பது. தன் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்மீதே மனு போட்டால் அவர் இன்னும் இழுத்தடிக்க மாட்டாரா? இந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இதற்கும் மருந்து மனுவின் வாசகத்தில்தான் இருக்கிறது. "ஏன் தாமதம், யார் பொறுப்பு" என்பது குற்றச்சாட்டு. "குறிப்புப் பக்கங்களின் நகல்" என்பது வெறும் கோரிக்கை. பல வேளைகளில் உள்ளூர் எழுத்தருக்கே அது உதவும். தாமதம் தன் மேசையில் இல்லை, பக்கத்து மாவட்டத்தில் என்பதைக் காட்ட அவருக்கும் அதே தாள்தான் சாட்சி.

இன்னொரு மறுப்பு: முதல்வர் தனிப்பிரிவு இருக்கிறது, மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாள் இருக்கிறது, அங்கே கொடுத்தால் போதாதா? கொடுக்கலாம். ஆனால் அந்த மனு மேலிருந்து இறங்கி, அதே எழுத்தரிடம் வந்து, அவர் எழுதும் பதிலோடு மேலே போகும். கடித எண்ணும் நாளும் கையில் இல்லாமல் கொடுத்தால் அங்கேயும் கிடைப்பது அந்தப் பழைய ஒரு வரிதான். முதலில் கோப்பின் நகல், பிறகு குறைதீர் மனு என்ற வரிசைதான் சரி. தகவல் உரிமைச் சட்டம் ஓய்வூதியத்தை வாங்கித் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தகவல் ஆணையம் தாளைக் கொடு என்று ஆணையிடும், ஓய்வூதியத்தைக் கொடு என்று ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை.

அந்தத் தாளின் பெறுமானம் என்ன என்பதற்குக் கேரளத்தின் பத்மநாபன் நாயர் வழக்கைப் பார்க்கலாம். அவர் 1973 மே மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கைக்கு வந்தது 1975 ஆகஸ்டில். இரண்டே கால் ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் கடைசிச் சம்பளச் சான்று என்ற ஒற்றைத் தாள். அது உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. வட்டி கேட்டு அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1984 டிசம்பரில் முடிந்தது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, ஊழியரின் சொத்து. குற்றமுள்ள தாமதத்துக்கு வட்டி தந்தாக வேண்டும். ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழிந்ததிலிருந்து அந்தப் பொறுப்பு தொடங்குகிறது என்று நீதிமன்றம் சொன்னது. பொறுப்பான அலுவலரிடமிருந்து அத்தொகையை வசூலிப்பது பற்றி அரசு ஆலோசிக்கலாம் என்றும் சேர்த்தது. எந்தத் தாள், எந்த மேசையில், எத்தனை நாள் என்று நிறுவ அன்றைக்கு ஒருவர் வழக்காட வேண்டியிருந்தது. இன்றைக்கு வட்டி கேட்டு உயர் நீதிமன்றம் போகிறவர், அலுவலகமே சான்றளித்துக் கொடுத்த குறிப்புப் பக்கங்களை இணைத்துவிடலாம்.

தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர நெடுநாள் ஆகிறது என்பதும் நியாயமான குறைதான். ஆனால் எல்லா மனுவும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் அதன்பின் கேட்ட நகல்களை இலவசமாகத் தர வேண்டும். ஆணையம் வரை போய்த் தவறு உறுதியானால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் போகும். இது அவர்களுக்கும் தெரியும். ஆகவே பதில் வராத முப்பத்தோராம் நாளே முதல் மேல்முறையீட்டை எழுதிவிடுங்கள். அதற்கு உங்களுக்கு உள்ள காலம் 30 நாள் மட்டுமே, கட்டணம் எதுவும் கிடையாது.