பிந்தி வரும் நண்பனுக்கு ஐந்து வரி

எப்போதும் பிந்தி வரும் நண்பனின் பிறந்தநாள் அட்டையில் ஒரு லிமரிக் எழுதினால், கிண்டலும் வாழ்த்தும் ஒன்றாகவே போய்ச் சேரும். ஐந்தே வரி. 1, 2, 5ஆம் வரிகள் நீளம். அவை ஒரே ஓசையில் முடியும். 3, 4ஆம் வரிகள் குட்டை. அவற்றுக்கு வேறோர் ஓசை. 1846இல் எட்வர்ட் லியர் வெளியிட்ட புத்தகம் இவ்வடிவை ஆங்கிலத்தில் பரப்பியது. ஈழத்துக் கவிஞர் மஹாகவி இதைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'குறும்பா' என்று பெயரிட்டார். அவருடைய தொகுப்பு 1966இல் வந்தது.

லியர் பெரும்பாலும் முதல் வரியின் கடைசிச் சொல்லையே ஐந்தாம் வரியிலும் திரும்ப வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு திடுக்கிடலை வைத்தார்கள். நமக்கு வேண்டியது அதுதான். ஆகவே எழுதத் தொடங்க வேண்டியது கடைசி வரியிலிருந்து.

முத்து என்றொரு நண்பனை வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பிந்தினான், சினிமாவுக்குப் பிந்தினான் என்று அடுக்கினால் அது புகார்ப் பட்டியல். அட்டையோ பிறந்தநாளுக்கு. அப்படியென்றால் அவன் முதன்முதலில் பிந்தியது எப்போது? பிறக்கும்போதே! டாக்டர் குறித்த தேதியைத் தாண்டிப் பத்து நாள். முத்துவுக்குப் 'பத்து' தானாக வந்து பொருந்துகிறது. இனி முன்வரிகளை நிரப்பலாம்:

பந்திக்கு முந்தச் சொன்னாலும் பிந்தியே வருவான் முத்து;
பாயசம் தீர்ந்தபின் நுழைவான், கையிலே பெரிய பூங்கொத்து;
கேட்டேன் அவன் தாயை,
பொத்திச் சிரித்தார் வாயை:
"டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் போச்சுடா நாள் பத்து!"

இரண்டாம் வரியில் அந்தப் பூங்கொத்து இல்லாவிட்டால் முத்து வெறும் சோம்பேறியாகிவிடுவான். தாமதமாக வந்தாலும் வெறுங்கையோடு வராதவன் என்பதை அது சொல்லிவிடுகிறது. குட்டை வரிகள் இரண்டும் வேகத்தைக் கூட்டிக் கேட்பவரைக் காக்க வைக்கின்றன; அங்கே விஷயத்தைக் கொட்டிவிட்டால் ஐந்தாம் வரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் ஒரு சுலபமான வழி உண்டு, அதில் போகக்கூடாது. வந்தான், சென்றான், நின்றான் என்று வினைமுற்றுகளால் வரிகளை முடித்தால் ஓசை பொருந்தும். ஆனால் அது தானாக அமைவது, காதுக்கு வியப்பே இராது. முத்து, கொத்து, பத்து போல மூன்றும் வெவ்வேறு பொருளுள்ள பெயர்ச்சொற்களாக அமைந்தால்தான் சுவை. எழுதியபின் மேஜையில் தாளம் தட்டி உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள்.

கிண்டலுக்கு எந்தத் தாமதத்தை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பாயசம் தவறியது சிரிப்பு. வேலைக்கான நேர்காணல் தவறியதோ, ஒரு சாவுக்கு நேரத்தில் போகமுடியாததோ அவனுக்கு வலி. அவன் தாயை அண்மையில் இழந்திருந்தால், மேலே உள்ள பாட்டும் வேண்டாம். தாயின் இடத்தில் ஒரு பள்ளித் தோழனைப் பேசவைத்து, கடைசி வரியைப் புதிதாக யோசியுங்கள்.