பழைய வீடியோவுக்கு எந்தப் படம் ஒட்டலாம்?

வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஒரு சிறிய தமிழ் யூடியூப் சேனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவது எப்படி என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் ஆறு நிமிட வீடியோ ஒன்று போட்டார்கள். தலைப்பு, ‘மின்விசிறி ரிப்பேர் – பகுதி 4’. தம்ப்நெய்லில் பேசுபவரின் முகம், சேனலின் சின்னம், பொடி எழுத்தில் நான்கு வரிகள். வீடியோ நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆள் வருவதில்லை.

இப்படிப்பட்ட வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று பலர் யோசிப்பார்கள். வேண்டாம். அழித்தால் அதன் பார்வைகள், கருத்துகள், வாட்ஸப் குழுக்களில் ஏற்கெனவே பரவிய இணைப்பு எல்லாம் போய்விடும். தலைப்பையும் படத்தையும் மாற்றினால் இணைப்பு அப்படியே இருக்கும், பழைய கணக்கும் கூடவே இருக்கும். மாற்றியதற்காகச் சேனலுக்குத் தண்டனை ஏதும் கிடையாது. மாற்றிய பிறகு பார்வையாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கேற்பத்தான் யூடியூபின் பரிந்துரை கூடும், குறையும். அதனால் எந்த வீடியோவைத் தொடுவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று க்ளிக் விகிதம். தம்ப்நெய்லின் பாதியாவது ஒரு வினாடிக்கு மேல் திரையில் தெரிந்தால் அது ஒரு இம்ப்ரெஷன். நூறு இம்ப்ரெஷனுக்கு எத்தனை பேர் தொட்டார்கள் என்பதே க்ளிக் விகிதம். யூடியூபில் பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இன்னொன்று, வந்தவர் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது. க்ளிக் குறைவு, பார்த்த நேரம் அதிகம் என்றால் உள்ளே சரக்கு இருக்கிறது, வெளியே அது தெரியவில்லை. அந்த வீடியோவைத் தொடலாம். வந்தவர்களே முதல் முப்பது வினாடிக்குள் ஓடிவிடுகிறார்கள் என்றால் எந்தப் படமும் அதைக் காப்பாற்றாது. அந்த விஷயத்தைப் புதிதாக எடுப்பதுதான் வழி.

நம் மின்விசிறி வீடியோவுக்கு, கணக்குப் புரிவதற்காக, சில எண்களைக் கொடுத்துப் பார்ப்போம். க்ளிக் விகிதம் 1.8 சதவீதம். வந்தவர்கள் சராசரியாக 250 வினாடி பார்க்கிறார்கள். ஆறு நிமிட வீடியோவுக்கு இது நல்ல நேரம். ஆகவே படத்தைச் சோதிக்கலாம்.

2024 முதல் யூடியூப் இதற்கு ஒரு வசதி தந்திருக்கிறது. கணினியில் ஸ்டுடியோவைத் திறந்து ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெய்ல் வரை ஏற்றலாம். ஒரே காலத்தில் ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டிப் பார்த்து, இரண்டு வாரம் வரை எடுத்துக்கொண்டு முடிவைச் சொல்லும். உங்கள் கணக்குக்கு மேம்பட்ட வசதிகள் திறந்திருக்க வேண்டும். ஷார்ட்ஸுக்கும் குழந்தைகளுக்கான வீடியோக்களுக்கும் இது கிடையாது. வெற்றி எது என்பதை இது க்ளிக்கை வைத்து முடிவுசெய்வதில்லை, பார்த்த நேரத்தை வைத்துத்தான் முடிவுசெய்கிறது.

அது ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். முதல் படம் பழையது. இரண்டாவது படத்தில் தீப்பொறி பறக்கும் விசிறி, வாய் பிளந்த முகம், சிவப்பு அம்புக்குறி. மூன்றாவதில் கையில் பிடித்த கெப்பாசிட்டர், பின்னால் விசிறி, ‘மெதுவா சுத்துதா?’ என்ற இரண்டே சொற்கள். தீப்பொறிப் படத்தை 5 சதவீதம் பேர் தொடுகிறார்கள். ஆனால் உள்ளே தீப்பொறி எதுவும் இல்லாததால் 70 வினாடியில் கிளம்பிவிடுகிறார்கள். கெப்பாசிட்டர் படத்தை 3.6 சதவீதம் பேர்தான் தொடுகிறார்கள், ஆனால் 240 வினாடி இருக்கிறார்கள். ஆயிரம் இம்ப்ரெஷனுக்குப் பெருக்கிப் பாருங்கள். பழைய படம் 18 பேரை 250 வினாடி இருக்கவைத்து 75 நிமிடம் தருகிறது. தீப்பொறி 50 பேரைக் கூட்டிவந்தும் 58 நிமிடம்தான் தருகிறது. கெப்பாசிட்டர் தருவது 144 நிமிடம். அதிகம் தொடப்பட்ட படம், மாற்றுவதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே போய்விட்டது. க்ளிக் எண்ணை மட்டும் பார்த்தவர் அதைத்தான் வைத்துக்கொண்டிருப்பார், பிறகு பரிந்துரை ஏன் குறைகிறது என்று குழம்புவார்.

கையால் படத்தை மாற்றி, முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிப்ரவரியில் மாற்றி ஏப்ரலில் பார்த்தால், உயர்ந்தது படத்தாலா வெயிலாலா என்று சொல்ல முடியாது. கோடையில் மின்விசிறி வீடியோவை எப்படியும் தேடுவார்கள். யூடியூபின் சோதனை எல்லாப் படங்களையும் ஒரே நாட்களில் காட்டுவதால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது இம்ப்ரெஷன் மட்டுமே வரும் வீடியோவில் சோதனை வைத்தால், தெளிவான முடிவு கிடைக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் வரும். ஓரளவு இம்ப்ரெஷன் இருந்தும் க்ளிக் இல்லாத வீடியோக்களில் தொடங்குவதே பயன் தரும். படங்களுக்குள் வேறுபாடும் பெரிதாக இருக்க வேண்டும். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றினால், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்ற பதில்தான் வரும்.

படம் முடிவான பிறகு தலைப்புக்கு வரலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலைசெய்தது என்று தெரியாமல் போகும். தலைப்புகளையும் இதே முறையில் சோதிக்கும் வசதியை 2025 செப்டம்பரில் யூடியூப் அறிவித்தது. அது உங்கள் ஸ்டுடியோவில் தெரிந்தால் பயன்படுத்துங்கள். இங்கே இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் தேடலில் வீடியோ கிடைப்பது பெருமளவு தலைப்பைப் பொறுத்தது. பார்வைகள் எங்கிருந்து வருகின்றன, என்ன தேடி வருகிறார்கள் என்ற பட்டியல் அனலிட்டிக்ஸில் இருக்கிறது. பெரும்பாலானோர் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடித்தான் வருகிறார்கள் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள். நன்றாக ஓடும் தேடல் வீடியோவின் தலைப்பை நான் என்றால் தொடவே மாட்டேன், படத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

‘பகுதி 4’ என்று யாரும் தேடுவதில்லை. ‘ஃபேன் மெதுவா சுத்துதா? முதல்ல கெப்பாசிட்டரைப் பாருங்க’ என்பது நல்ல தலைப்பு. பேரிங் தேய்ந்தாலும் விசிறி மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே ‘முதல்ல’ என்ற சொல் அவசியம். ‘இதை மாற்றினால் போதும்’ என்று போட்டிருந்தால் பேரிங் போன வீட்டுக்காரர் ஏமாந்திருப்பார். முக்கியமான சொல் முன்னால் வரட்டும், கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும். தமிழுக்கு இடமும் குறைவு. தலைப்பின் எல்லை நூறு குறிகள். உயிர்மெய்யின் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ஐந்து எழுத்து ‘மின்விசிறி’ பத்து இடத்தைப் பிடிக்கும்.

சேனலின் பெயர் கெடுவது மாற்றத்தால் அல்ல, பொய்யால். பழைய வீடியோவில் இந்த ஆண்டைச் சேர்த்துப் புதியதுபோல் காட்டினால், ஏற்கெனவே பார்த்தவர் திறந்ததும் மூடிவிடுவார். உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொல்வது யூடியூபின் விதிகளுக்கும் எதிரானது. செய்தி, நடப்பு விவகார வீடியோக்களில் இந்த ஏமாற்றுக்கு இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

மாற்றுவதற்கு முன் பழைய தலைப்பையும் படத்தையும் மாற்றிய தேதியையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சில வாரங்கள் கழித்துப் பார்க்கும்போது க்ளிக் விகிதம் சற்று இறங்கியிருந்தால் உடனே பதறி மாற்ற வேண்டாம். வீடியோ நன்றாகப் போகும்போது யூடியூப் அதை உங்களைத் தெரியாதவர்களுக்கும் காட்டத் தொடங்கும், அப்போது விகிதம் குறைவது இயல்பு. இம்ப்ரெஷனும் மொத்தப் பார்வை நேரமும் ஏறிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள். பார்வை நேரமும் சேர்ந்து இறங்கினால் தாளில் குறித்து வைத்த பழையதை எடுத்துத் திரும்பப் போடுங்கள்.