வலிக்காமல் வந்து தானே ஆறும் புண்

முப்பது வயது ஆண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பற்ற உறவு நடந்து மூன்று வாரம் கழித்து, ஆணுறுப்பில் சின்னதாக ஒரு புண் வருகிறது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, சீழும் இல்லை. தொட்டால் சட்டைப் பொத்தான்போல் கெட்டியாக இருக்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, அதுவும் வலிக்கவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவுகிறார். நான்கு வாரத்தில் புண் மறைகிறது. களிம்பு கேட்டுவிட்டது என்று நிம்மதி அடைகிறார். எதையும் தடவாமல் விட்டிருந்தாலும் அந்தப் புண் ஆறித்தான் இருக்கும்.

இது சிஃபிலிஸ் நோயின் முதல் கட்டம். கிராமத்தில் மேகப்புண் என்பார்கள். ‘ட்ரெபோனீமா பாலிடம்’ என்ற சுருள் வடிவக் கிருமிதான் காரணம். 1905இல் பெர்லினில் ஷாவ்டின், ஹாஃப்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். கிருமி நுழைந்த இடத்தில் உடலின் காவல் அணுக்கள் திரண்டு போராடுகின்றன. அதனால்தான் புண் கெட்டியாகிறது, பிறகு ஆறுகிறது. ஆனால் புண் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கிருமிகளில் ஒரு பங்கு நிணநீர் வழியாக இரத்தத்துக்குப் போய்விட்டிருக்கும். தோல் ஆறியதை வைத்து நோய் போனதாகக் கொள்ள முடியாது. பெண்களுக்குக் கருப்பை வாயில் இந்தப் புண் வந்தால், அது வந்ததே தெரியாமல் ஆறிவிடுகிறது.

சில வாரங்களோ மாதங்களோ கழித்து, பலருக்கு உடம்பெங்கும் செந்தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வருவது முக்கியமான அடையாளம். பெரும்பாலும் அரிக்காது. ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுவும் தானாகவே மறையும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியோ மூளையோ பாதிக்கப்படுகிறது. கண்ணும் காதும் முதல் ஆண்டிலேயே பாதிக்கப்படுவதும் உண்டு.

அறிகுறியே இல்லாத அந்தக் காலத்தில் நோயைக் காட்டுவது இரத்தப் பரிசோதனைதான். முதலில் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் செய்வார்கள். கர்ப்பம், வேறு சில நோய்கள் ஆகியவற்றாலும் இது ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும் என்பதால், டிபிஹெச்ஏ போன்ற இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வார்கள். பலர் ஏமாறுவது நாள் கணக்கில்தான். புண் வந்த முதல் ஓரிரு வாரத்தில் விடிஆர்எல் ‘நெகட்டிவ்’ என்று வரலாம், எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. அந்த ஒரு தாளை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். புண்ணின் தன்மையைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவதும் உண்டு, அதுவே நல்லது.

நம் உதாரண மனிதர் மூன்று மாதம் கழித்து, உள்ளங்கைத் தடிப்போடு மருத்துவரிடம் போகிறார். ஆர்பிஆர் 1:32 என்று வருகிறது. இரத்த நீரை 32 மடங்கு நீர்க்கச் செய்தும் எதிர்வினை தெரிகிறது என்று பொருள். பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி, இரு பிட்டத்திலும் பாதிப் பாதியாக, ஒரே நாளில் போடுகிறார்கள். இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். பிரியும் நேரத்தில்தான் பென்சிலினால் அதைக் கொல்ல முடியும். ஆகவே மருந்து உடலில் பல நாள் விடாமல் இருக்க வேண்டும். தசையிலிருந்து மெல்லக் கசியும் இந்த ஊசி அதைச் செய்கிறது. நோய் தொற்றி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டாலோ, வாரம் ஒன்றாக மூன்று வாரம் போட வேண்டும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

ஊசி போட்ட அன்று இரவு அவருக்குக் குளிர்காய்ச்சல் வரலாம். கிருமிகள் மொத்தமாக மடிவதால் வரும் காய்ச்சல் இது, ஒரு நாளில் தணியும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஆர்பிஆர் பார்க்க வேண்டும். ஓராண்டுக்குள் அளவு 1:8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. டிபிஹெச்ஏ மட்டும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ‘பாசிட்டிவ்’ என்றே வரும். அதைக் கண்டு பயந்து மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

கடைசி மூன்று மாதத்தில் அவரோடு உறவு கொண்டவர்களுக்கு, பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் ஊசி போடுவதே முறை. மனைவி கருவுற்றிருந்தால் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது: நஞ்சுக்கொடி வழியாகக் கிருமி குழந்தையை எட்டும், குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். தாய்க்குப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது பென்சிலின் போட்டுவிட்டால் அந்தக் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.