ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியவை

தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போது வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடைகளின் சர்வீஸ் பிரிவில் ஒரு பட்டியல் அச்சாகும். வாரண்ட்டி முடிந்துபோன ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. வைத்திருப்பவர்களின் பட்டியல் அது. அதிலுள்ள ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, பண்டிகைக்கால பராமரிப்புத் திட்டத்தில் சேர அழைக்க வேண்டும். கூப்பிடும் பெண்களுக்கு எழுதித் தரும் பேச்சுத்தாளுக்கு 'ஸ்கிரிப்ட்' என்று பெயர். அப்படிச் சில தாள்களை எழுதியவன் நான். ஒரு நிமிடத்துக்குள் முடியவேண்டிய அந்தப் பேச்சில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பது நான் தவறு செய்து கற்றுக்கொண்டது.

ஒரு ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். 2022 தீபாவளிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் தாள், "மேடம், உங்க ஃபிரிட்ஜ் வாரண்ட்டி முடிஞ்சிருச்சு" என்றுதான் தொடங்கியது. கேட்பவருக்குத் திக்கென்று இருக்கும், கவனிப்பார் என்று நினைத்தேன். கவனித்தார்கள், ஆனால் பலர் உடனே போனை வைத்தார்கள். முன்பின் தெரியாத குரல் எடுத்த எடுப்பில் பயமுறுத்தினால் மோசடி அழைப்பு என்றுதானே யாருக்கும் தோன்றும்?

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அந்த வரியில் இருந்தது. அது முழு உண்மை இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரண்ட்டி உண்டு. முழு ஃபிரிட்ஜுக்கும் ஒரு வருடம். கம்ப்ரசருக்கு மட்டும் தனியாகப் பல வருடம், பல மாடல்களில் பத்து வருடம். 2022-ல் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு முழு வாரண்ட்டி 2023-ல் முடிந்திருக்கும். கம்ப்ரசர் வாரண்ட்டி 2032 வரை உயிரோடு இருக்கும். அதை மறைத்துத் திட்டத்தை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். அதே சமயம், கம்ப்ரசர் வாரண்ட்டி என்றால் பொதுவாக அந்தப் பாகம் மட்டும்தான். அதை மாற்றும் கூலியும், திரும்ப கேஸ் நிரப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். திட்டத்துக்கு உண்மையான பயன் இருப்பது அந்த இடத்தில்தான். அதை நேராகச் சொன்னாலே போதும், பயமுறுத்தத் தேவையில்லை.

திருத்திய தாள் இப்படித் தொடங்குகிறது:

"வணக்கம் மேடம். நீங்க ஃபிரிட்ஜ் வாங்கின கடையோட சர்வீஸ் பிரிவுல இருந்து இன்னார் பேசறேன். 2022 தீபாவளிக்கு வாங்கியிருந்தீங்க. அது சம்பந்தமா ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

கடையின் பெயரும் வாங்கிய ஆண்டும் சேர்ந்து வந்தால்தான் கேட்பவருக்கு 'ஆமாம், அங்கேதான் வாங்கினோம்' என்று பிடிபடும். கடைசிக் கேள்வியை வெறும் மரியாதைக்காகக் கேட்கக் கூடாது. அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தால் அவர் "அப்புறம் கூப்பிடுங்க" என்பார். எப்போது என்று கேட்டு, குறித்துக்கொண்டு, வைத்துவிட வேண்டும்.

"பேசுங்க" என்று சொன்னால் அடுத்த கேள்வி: "ஃபிரிட்ஜ் நல்லா ஓடுதுங்களா?" "கீழே தண்ணி ஒழுகுது", "மேல்தட்டுல மட்டும்தான் கூலிங்" என்று பதில் வந்தால் திட்டத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பழுதோடு தவிப்பவரிடம் சந்தா கேட்பது அநாகரிகம். நன்றாக ஓடுகிறது என்றால் இப்படித் தொடரலாம்:

"சந்தோஷங்க. முழு வாரண்ட்டி 2023-ல முடிஞ்சிருச்சு. கம்ப்ரசருக்கு மட்டும் 2032 வரைக்கும் இருக்கு. பண்டிகைக்காக ஒரு வருஷப் பராமரிப்புத் திட்டம் வச்சிருக்கோம். ரெண்டு தடவை ஆள் வந்து சுத்தம் பண்ணிப் பார்ப்பாங்க. நடுவுல ரிப்பேர் ஆனா கூலி, கேஸ், பார்ட்ஸ் எதுக்கும் காசு இல்ல. பிளாஸ்டிக், கண்ணாடித் தட்டு, கதவு ரப்பர் மட்டும் இதுல சேராது. ஜி.எஸ்.டி.யோட 2,950 ரூபாய்ங்க."

இங்கே தொகை ஓர் உதாரணம்தான். திட்டத்தின் விலை 2,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 450. போனில் 2,500 என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வரும் ஆள் 2,950 கேட்டால், அந்த 450 ரூபாய்க்காகச் சண்டை வரும். கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை மட்டுமே சொல்ல வேண்டும். சேராத பாகங்களையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். கதவு ரப்பர் வருடங்கள் போகப்போகத் தளர்ந்து கிழியக்கூடியது. "எல்லாம் ஃப்ரீன்னுதானே சொன்னீங்க?" என்ற கோபம் கிளம்புவது பெரும்பாலும் அந்த ரப்பரிலிருந்துதான்.

இனி, இந்த அழைப்பின் உயிரான வரி. பல தாள்களில் விடுபட்டுப்போவதும் இதுதான்:

"சேர்றதுக்கு முன்னாடி டெக்னீஷியன் வந்து ஒரு தடவை பார்ப்பார், அதுக்குக் காசு இல்லீங்க. ஏற்கெனவே பழுது ஏதாவது இருந்தா அதைச் சரிபண்ற செலவு தனி. எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிருவார். பார்த்துட்டு நீங்க முடிவு பண்ணலாம். இப்ப போன்ல எதுவும் கட்ட வேண்டாம். வரச்சொல்லட்டுங்களா?"

வாரண்ட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப்பித்தால் இந்தப் பரிசோதனையைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இடைவெளி விழுந்துவிட்டால் கேட்பார்கள். நடுவில் வேறு மெக்கானிக் கைவைத்திருக்கலாம், கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கலாம். பழுதான ஃபிரிட்ஜைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு மறுநாளே இலவச ரிப்பேர் கேட்டால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இந்த நிபந்தனை நியாயமானது. ஆனால் போனிலேயே சொல்லாமல் விட்டு, ஆள் வந்து பின்பக்க மூடியைக் கழற்றிய பிறகு "முதலில் இதற்கு இவ்வளவு ஆகும்" என்றால், வீட்டுக்காரருக்கு வலையில் சிக்கியது போல் இருக்கும். நேரம் குறைவு என்று புகழ்ச்சியை வெட்டலாம். "நம்பர் ஒன்", "அரிய வாய்ப்பு", "இன்று மட்டும்" எல்லாவற்றையும் வெட்டலாம். நிபந்தனையை வெட்டக் கூடாது.

இவ்வளவையும் பேச ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஆகும். "வேண்டாம்" என்றால், "சரிங்க மேடம், நேரம் கொடுத்ததுக்கு நன்றி. இது சம்பந்தமா இனிமே கூப்பிட மாட்டோம்" என்று சொல்லிப் பட்டியலில் குறித்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தொந்தரவு வேண்டாம் என்று 1909-ல் பதிவு செய்தவர்களின் எண்களையோ கூப்பிடத் தொடங்கும் முன்பே பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கும். அதில் முதல் பத்து நாளுக்குள் கூப்பிட்டுவிட்டால் டெக்னீஷியன் நிதானமாக வர முடியும். கடைசி வாரத்தில் ரிப்பேர் அழைப்புகளே குவிந்துவிடும். அப்போது சேர்ப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. பட்டியலில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள் என்பதால் "தீபாவளி வாழ்த்துகள்" என்று முடிக்காமல் "நன்றிங்க, வணக்கம்" என்று முடிக்கச் சொல்வேன். அதில் யாருக்கும் குறை வராது.

இந்த மாதிரி அழைப்பு உங்களுக்கும் வரலாம். விளம்பர அழைப்புகளை 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து செய்யவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. சாதாரண மொபைல் எண்ணிலிருந்து கூப்பிட்டு உடனே பணம் அனுப்பச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, பேச்சைத் தொடராமல் வைத்துவிடுங்கள். உண்மையான கடையிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பாகம் சேராது? வரியோடு மொத்தம் எவ்வளவு? சேரும் முன் ஆள் வந்து பார்ப்பாரா? அதற்கு முன்னால், பீரோவில் இருக்கும் வாரண்ட்டி அட்டையை எடுத்து, கம்ப்ரசருக்கு எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறது என இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.