‘நன்றாகப் போனது’ என்று எழுதினால் போதாது

அறுவைச் சிகிச்சை கற்றுக்கொள்ளும் இளம் மருத்துவரின் கை எங்கே போகிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மன நோய்க்குப் பேச்சால் சிகிச்சை தரக் கற்றுக்கொள்பவருக்கு அந்தக் கண் கிடையாது. மூடிய அறையில் இரண்டே பேர் இருக்கிறார்கள். அங்கே நடந்ததில் பயிலுநர் வெளியே வந்து எதைச் சொல்கிறாரோ, பெரும்பாலும் அதுவே அவருடைய மேற்பார்வையாளருக்குத் தெரியும்.

அவர் எல்லாவற்றையும் சொல்வதில்லை. நிக்கோலஸ் லடானியும் சக ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், நூற்றுக்கும் மேற்பட்ட பயிலுநர்களிடம் ‘மேற்பார்வையாளரிடம் எதை மறைத்தீர்கள்’ என்று கேட்டார்கள். ஏதாவது ஒன்றையாவது சொல்லாமல் விட்டதாக 97 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். மறைத்ததில் முதலிடம் பிடித்தது மேற்பார்வையாளர் மீதே இருந்த மனக்குறை. செய்த தவறுகளும், சிகிச்சைக்கு வந்தவர் மேல் எழுந்த எரிச்சலும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இது நேர்மைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடப்போகும் ஒருவரிடம் ‘இன்று சொதப்பிவிட்டேன்’ என்று யார்தான் எளிதில் சொல்வார்கள்? இதைச் சொல்ல வைப்பதற்கு இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, களப்பயிற்சி தொடங்கும்போது இருவரும் கையெழுத்திடும் மேற்பார்வை ஒப்பந்தம். இன்னொன்று, ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் பயிலுநர் எழுதும் மீள்நோக்குக் குறிப்பேடு.

இந்த முறை நன்கு வேரூன்றியிருக்கும் இடங்களில் ஒன்று பிரிட்டன். மருத்துவ உளவியலாளர் என்ற பட்டப்பெயர் அங்கே 2009 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதற்கான வழி மூன்றாண்டு முனைவர் படிப்பு. அதில் ஏறக்குறைய பாதிக் காலம் அரசு மருத்துவமனைகளிலும் சமூக மனநலக் குழுக்களிலும் களப்பயிற்சியாகக் கழிகிறது. வாரம் குறைந்தது ஒரு மணி நேரம் முறையான மேற்பார்வைச் சந்திப்பு நடக்க வேண்டும், எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது இருவருக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகார விதி.

ஒப்பந்தம் இரண்டு மூன்று பக்கத் தாள்தான். சந்திப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, ஒரு வாரம் தவறினால் எத்தனை நாளுக்குள் ஈடுசெய்வது, முதல் மாதம் எத்தனை பேரைப் பார்ப்பது, பிறகு எத்தனை பேர், மேற்பார்வையாளர் எத்தனை அமர்வுகளை நேரிலோ ஒலிப்பதிவிலோ கவனிப்பார் என்று அது தொடங்கும். இவற்றை எழுத அதிக நேரம் ஆகாது. நேரம் எடுத்துப் பேச வேண்டியவை மூன்று விதிகள். நல்ல ஒப்பந்தம் ஒன்றில் அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

‘தற்கொலை, பிறரால் ஆபத்து, பிறருக்கு ஆபத்து பற்றி எந்தச் சொல் காதில் விழுந்தாலும், பயிலுநர் அன்று கட்டடத்தை விட்டுக் கிளம்பும் முன் மேற்பார்வையாளரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்வார். மேற்பார்வையாளர் கிடைக்காவிட்டால் இங்கே பெயரும் எண்ணும் எழுதப்பட்டுள்ள மாற்றுப் பொறுப்பாளரிடம் சொல்வார். மின்னஞ்சல் அனுப்பியது சொன்னதாகக் கணக்கில் வராது.’

‘குறிப்பேடு பயிலுநரிடம் இருக்கும். அதில் எந்தப் பகுதியைச் சந்திப்புக்குக் கொண்டுவருவது என்பது அவர் முடிவு. அது மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படாது. ஒருவரின் பாதுகாப்பு தொடர்பான செய்திக்கு மட்டும் இந்த உரிமை பொருந்தாது.’

‘ஒவ்வொரு சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடம் இரண்டு கேள்விகளுக்கு: இன்று சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? மேற்பார்வையில் எது உதவவில்லை?’

மூன்றாவது விதியின் அருமை லடானியின் ஆய்வைப் படித்தவர்களுக்குப் புரியும். குறை சொல்லும் பொறுப்பைப் பயிலுநரின் துணிச்சலிடம் விட்டுவிடாமல், கேட்கும் கடமையை அது மேற்பார்வையாளரின் தலையில் வைக்கிறது. இருவருக்கும் தீராத கருத்து வேறுபாடு வந்தால் பல்கலைக்கழகத்தில் யாரை அணுகுவது என்பதும் முதல் வாரத்திலேயே எழுதப்பட வேண்டும். சண்டை வந்த பிறகு அந்தப் பெயரைத் தேடுவது பயிலுநருக்கு மிகவும் கடினம்.

இரண்டு தாள்களும் எப்படிக் கைகோத்து வேலை செய்கின்றன என்பதைக் காட்ட ஒரு கற்பனை நிகழ்வைச் சொல்கிறேன். மீரா இரண்டாம் ஆண்டு பயிலுநர். மனச்சோர்வுக்காக வரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை ஐந்தாவது முறையாகப் பார்த்தாள். அமர்வு முடிந்ததும் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘நன்றாகப் போனது. இடையில் கலங்கினார். வீட்டுப் பயிற்சி கொடுத்தேன்.’ எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அவளுடைய குறிப்பேட்டின் படிவத்தில் ஐந்து கேள்விகள் இருந்தன. என்ன நடந்தது, ஒளிப்பதிவில் தெரிவது போல மட்டும் எழுது. அப்போது எனக்குள் என்ன ஓடியது? எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு இன்னும் தெரியாதது எது? அடுத்த முறை என்ன செய்வேன்? கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிச் சுழற்சி போன்றவற்றிலிருந்து பல பயிற்சித் துறைகள் இப்படிப் படிவங்களை வகுத்துக்கொள்கின்றன. எத்தனை கேள்வி என்பது பெரிய விஷயமில்லை. முதல் கேள்வியை ஒழுங்காக எழுதினால் மற்றவை தாமாக வரும்.

மீரா மறுபடி எழுதினாள். ‘அப்பா இறந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கி அழுதார். “இனிமே இருந்து என்ன ஆகப்போகுது” என்றார். நான் உடனே வாரத் திட்டத் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். அதன் பிறகு ஆமாம், சரி என்ற இரண்டு சொற்களையே மாற்றி மாற்றிச் சொன்னார்.’ இரண்டாவது கேள்விக்கு: ‘நெஞ்சு படபடத்தது. அடுத்த வாரம் என் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை.’ மூன்றாவதற்கு: ‘என் அழுகையை இந்தப் பெண் தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்.’ நான்காவது கேள்வியில் பேனா நின்றது. ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்றால் என்ன பொருள்? அவள் கேட்கவே இல்லை.

அப்போது மணி நாலரை. முதல் விதி நினைவுக்கு வந்தது. ஐந்தாவது கேள்விக்குப் போகாமல் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தாள். இருவரும் சேர்ந்து அன்று மாலையே அவரிடம் பேசினார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார்கள். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. சில இரவுகளில் தோன்றுவதுண்டு, திட்டம் எதுவும் இல்லை, மனைவியிடம் சொல்லவில்லை என்றார். எண்ணம் வரும்போது யாரை அழைப்பது, வீட்டில் எதை அப்புறப்படுத்துவது என்று அவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார்கள். அது முழுவதும் நேரத்தோடும் தேதியோடும் மருத்துவப் பதிவேட்டில் ஏறியது.

குறிப்பேடு வேறு, மருத்துவப் பதிவேடு வேறு. நோயாளி சொன்னது, ஆபத்து பற்றிய கணிப்பு, எடுத்த முடிவு ஆகியவை பதிவேட்டுக்கு உரியவை. பயிலுநரின் படபடப்பு குறிப்பேட்டுக்கு உரியது. ஆபத்துச் செய்தியைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் இந்த முறையில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு.

வாரச் சந்திப்பில் மேற்பார்வையாளர் மீராவின் தந்தையைப் பற்றி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்: அடுத்த வாரம் விடுப்பு வேண்டுமா? அதற்கு மேல் தோண்டவில்லை. மேற்பார்வை, பயிலுநருக்கான சிகிச்சை அல்ல. சொந்த விஷயம் சிகிச்சையைத் தொடும் அளவுக்கே இங்கே பேசப்படும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருந்தது. மீதி நேரத்தில் மேற்பார்வையாளர் நோயாளியாக உட்கார்ந்து அழுவதுபோல் நடிக்க, மீரா தாளைத் தொடாமல் இருந்து பழகினாள். ஆறாவது அமர்வில் அவள் முதலில் சொன்னது: ‘போன வாரம் அப்பாவைப் பத்திப் பேசினீங்க. நான் அவசரப்பட்டுட்டேன். இன்னைக்கு அதைக் கேக்கணும்னு நினைக்கிறேன்.’

குறிப்பேடு செத்துப்போனதைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. ஒரு வாரம் ‘அடுத்த முறை’ என்ற கேள்விக்கு எழுதியது, அடுத்த வாரக் குறிப்பில் எங்காவது தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். எட்டு வாரமாகத் தலைகாட்டவில்லை என்றால் அது சந்திப்புக்கு முந்தின இரவு ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. பக்கம் முழுக்க எழுதுபவரின் உணர்ச்சியே நிறைந்து, எதிரில் இருந்த மனிதர் காணாமல் போவது இன்னொரு அடையாளம்.

எழுதினால் அதுவே நமக்கு எதிராகத் திரும்புமோ என்ற அச்சமும் வெறும் கற்பனை அல்ல. 2011-இல் லெஸ்டர் நகரில் ஆறு வயதுச் சிறுவன் இறந்த வழக்கில் பயிற்சி மருத்துவர் ஹாடிசா பாவா-கார்பா தண்டிக்கப்பட்டபோது, அவருடைய மீள்நோக்குக் குறிப்புகள் பயன்படுத்தப்பட்டன என்ற பேச்சு மருத்துவர்களிடையே பரவியது. அவை ஜூரி முன் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று பின்னர் தெளிவாக்கப்பட்டாலும் பலர் எழுதுவதையே நிறுத்த நினைத்தார்கள். நீதிமன்றம் கேட்டால் இத்தகைய குறிப்புகளைக் கொடுக்க நேரிடலாம் என்பது உண்மை. அதற்காக மழுப்பலாக எழுதக் கூடாது. பெயர், ஊர், தொழில், தேதி இவற்றை விட்டுவிட்டு, கற்றுக்கொண்டதைத் தெளிவாக எழுத வேண்டும். சிறிய ஊரில் ‘ஐம்பது வயது பேருந்து ஓட்டுநர்’ என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் எம்.ஃபில். மருத்துவ உளவியல் படிப்போரும் மருத்துவமனைகளில் மேற்பார்வையின் கீழ்தான் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் கட்டாயம் சேர வேண்டிய ஒரு வரி, பிரிட்டன் படிவத்தைப் பார்த்து எழுதினால் விடுபட்டுப்போகும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது. பயிலுநருக்கும் அது பொருந்தும். யாரிடம் முதலில் சொல்வது, புகாரை யார் எழுதுவது, குழந்தையோடு யார் இருப்பது என்பவற்றை அப்படி ஒரு மாலை வந்து சேரும் முன்பே இருவரும் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும்.

நீங்களோ உங்கள் வீட்டாரோ இப்படி ஒரு பயிலுநரிடம் சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் தயங்காமல் கேளுங்கள்: உங்கள் மேற்பார்வையாளர் யார், நான் சொல்வதில் எது அவரிடம் போகும், அமர்வு ஒலிப்பதிவு ஆகிறதா? பதிவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பந்தம் எழுதியிருக்கும் பயிலுநர் இந்த மூன்றுக்கும் அங்கேயே பதில் சொல்வார்.